ரிஸ்ட்ரெட்டோ: பாதியில் நிறுத்துவதா, அரவையை மாற்றுவதா?

குமரன்_88: 18 கிராம் தூளுக்கு 28 நொடியில் 36 கிராம் எஸ்பிரெசோ, சுவை சரி. அதே அரவையில் ரிஸ்ட்ரெட்டோவுக்காக 22 கிராமில் நிறுத்தினால் புளிக்கிறது. லுங்கோவுக்காக 60 வரை விட்டால் கசக்கிறது. எங்கே தப்பு?

பார்க்கவுன்டர்: இரண்டிலும் அரவையை மாற்றவில்லை, அதுதான். புளிப்பு முதலில் இறங்கிவிடும், இனிப்பும் கசப்பும் பின்னால் வரும். 22 கிராமில் நிறுத்தும்போது கிட்டத்தட்ட 18 நொடிதான் ஆகியிருக்கும், இனிப்பு வந்து சேர நேரமில்லை. அரவையை ஒரு படி நுணுக்கி, அதே 22 கிராம் 27, 28 நொடியில் வருகிறதா பாருங்கள். லுங்கோவுக்கு நேர்மாறு: கொரகொரப்பாக்கி, 60 கிராமை 30, 35 நொடிக்குள் முடியுங்கள். இப்போது உங்களுக்கு 40 நொடிக்கு மேல் போயிருக்கும். கடைசியில் வெளிறி ஒழுகுகிறதே, கசப்பு அதில்தான்.

ராஜி_மா: இத்தாலியில் ஒரு வாடிக்கையாளருக்காக யார் கிரைண்டரைத் திருகுகிறார்கள்? சீக்கிரம் நிறுத்துவார்கள், அதுதான் ரிஸ்ட்ரெட்டோ. காஃபினும் அதில்தான் அதிகம்.

பார்க்கவுன்டர்: முதல் பாதி உண்மை. அங்கே வறுவல் கருமை, ரோபஸ்டாவும் கலந்திருக்கும். புளிப்பே குறைவு என்பதால் சீக்கிரம் நிறுத்தினாலும் தாங்கும். இளவறுவல் கொட்டையில் அந்த வித்தை எடுபடாது. காஃபின் விஷயம் தவறு: ஒரு மில்லிக்குக் கணக்கிட்டால் அதிகம், கோப்பைக்குக் கணக்கிட்டால் எஸ்பிரெசோவைவிடச் சற்றுக் குறைவு.

ராஜி_மா: அப்போ கருவறுவலுக்கு நான் சொன்னதே சரி. ஓவராக நுணுக்கினால் தண்ணீர் தூளைப் பிளந்துகொண்டு ஒரே ஓட்டையில் பீய்ச்சும். புளிப்பு, கசப்பு ரெண்டும் ஒரே கோப்பையில்.

பார்க்கவுன்டர்: அதனால்தான் ஒரு படி என்றேன். அடியில் கூடை தெரிகிற போர்ட்டாஃபில்டர் இருந்தால் அந்தப் பீய்ச்சல் கண்ணுக்கே தெரியும்.

செல்வி.கோ: என்னுடையது காப்ஸ்யூல் மெஷின். லுங்கோ பட்டனை அழுத்தினால் 110 மில்லி வருகிறது, ஒரே தண்ணி. மக்கியாட்டோவாக மாற்றினால் சரியாகுமா?

பார்க்கவுன்டர்: காப்ஸ்யூலில் அரவை உங்கள் கையில் இல்லை, அதனால் லுங்கோவுக்கென்றே விற்கிற காப்ஸ்யூலைப் போடுங்கள். எஸ்பிரெசோ காப்ஸ்யூலில் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். 40 மில்லியில் நிறுத்தி மேலே வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். அது அமெரிக்கானோ, ஆனால் கசப்பு ஏறாது. மக்கியாட்டோ வேறு கணக்கு. அதில் ஷாட் அப்படியேதான் இருக்கும், மேலே ஒன்றிரண்டு ஸ்பூன் பால்நுரை மட்டும். சுவையின் கூர்மை மழுங்கும், நீர்த்துப்போனது கெட்டியாகாது.

செல்வி.கோ: கடையில் உயரக் கண்ணாடியில் பாலாகவே வந்ததே?

ராஜி_மா: அது லாத்தே மக்கியாட்டோ. பாலுக்கு மேல் காபி ஊற்றுவது.

குமரன்_88: ஒரு படி நுணுக்கியதில் 22 கிராம் 31 நொடி. புளிப்பு போய்விட்டது, நாக்கில் வறட்சி தட்டுகிறது.

பார்க்கவுன்டர்: அரைப்படி பின்னால் வாருங்கள்.

ராஜி_மா: இல்லை, அரவையை விட்டுவிட்டு 20 கிராமில் நிறுத்திப் பாருங்கள்.