வாளியில் பிள்ளையார் கரைவாரா?

வாசல்கோலம் எழுதியது: "பழைய சாமி பொம்மையைக் குளத்தில் போட்டுத் தண்ணீரைக் கெடுப்பானேன்? வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள், இரண்டே நாளில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். கிழிந்த படம், வாடிய பூ, எரிந்த திரி எல்லாவற்றுக்கும் அதே வாளிதான். நான் பண்ணியிருக்கிறேன்."

மொட்டைமாடி: இந்த வாளி யோசனையை இதோடு நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். சுடாத களிமண் பொம்மை என்றால் இரண்டு நாள் எதற்கு, இரண்டு மணி நேரத்தில் சேறாகிவிடும். ஆனால் பரணில் தூங்குகிற பொம்மைகளில் பாதிக்கு மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம்தான் கரையும். அதற்கு மேல் தண்ணீர் வாங்காது, எத்தனை நாள் வைத்தாலும். பத்து லிட்டர் வாளியில் ஒரு கிலோ பிள்ளையாரை வைத்தால் 25 கிராம் போகும். மிச்சம் 975 கிராம் அப்படியே உட்கார்ந்திருப்பார். முழுதாகக் கரைய நாற்பது வாளி மாற்ற வேண்டும். நாற்பது.

வாசல்கோலம்: சார், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலையில் துதிக்கை விழுந்துவிட்டது, தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. அது கரையவில்லை என்றால் பின்னே என்ன?

மொட்டைமாடி: ஊறி உதிர்ந்தது. அந்தப் பால் தண்ணீரை ஒரு ராத்திரி ஆட்டாமல் விட்டுப் பாருங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும், அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். கரைந்த பொருள் படியாது. நானே 980 கிராம் பொம்மையை ஒரு வாரம் ஊறப்போட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டேன். 955. நாற்பது வாளி என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

பழையபஞ்சாங்கம்: தம்பி, உங்கள் கணக்கே எங்கள் பக்கம்தான் பேசுகிறது. நாற்பது வாளி வேண்டும் என்பதால்தான் பெரியவர்கள் ஓடுகிற ஆற்றில் விடச் சொன்னார்கள். ஆற்றில் நாற்பது என்ன, நாற்பது லட்சம் வாளி ஓடுகிறது. பிளாஸ்டர் என்பது ஜிப்சம். நிலக்கடலைக்கு உழவர்கள் மூட்டை மூட்டையாகப் போடுகிற அதே ஜிப்சம். களர் நிலத்தைத் திருத்தவும் அதைத்தான் போடுகிறார்கள். நிலத்துக்கு உரம், ஆற்றுக்கு மட்டும் விஷமா?

குட்டிச்சாத்தான்: கரைவது என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே? ஒருவர் உதிர்வதைச் சொல்கிறார், இன்னொருவர் உப்பு மாதிரி காணாமல் போவதைச் சொல்கிறார்.

மொட்டைமாடி: ஐயா, ஜிப்சம் உரம் என்பது சரிதான். ஆனால் அது வயலில் பொடியாக விழுகிறது. நீங்கள் ஆற்றில் விடுவது கட்டி. கட்டி நேராக அடிக்குப் போய் உட்காரும், ஓடுகிற தண்ணீர் அதன் மேல்தோலை மட்டும் நக்கிக்கொண்டு போகும். ஓட்டம் குறைந்த காலத்தில் அதுவும் இல்லை. ஏரி, குளம் என்றால் இன்னும் மோசம். அடிச்சேற்றில் காற்று இருக்காது, அங்கே உள்ள நுண்ணுயிர்கள் ஜிப்சத்தின் சல்பேட்டை அழுகிய முட்டை நாற்றமாக மாற்றும். குளத்துச் சேற்றில் குச்சியை விட்டுக் கிளறிப் பாருங்கள், மூக்கே சொல்லும். அப்புறம் பெயிண்ட், உள்ளே இருக்கும் கம்பி. அவற்றை எந்த உழவர் நிலக்கடலைக்குப் போடுகிறார்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 வழிகாட்டுதலில் பிளாஸ்டர் சிலையே வேண்டாம் என்று சொன்னது பொழுதுபோகாமல் அல்ல.

பழையபஞ்சாங்கம்: குச்சியை விட்டுக் கிளறினால் எந்தக் குளமும் நாறத்தான் செய்யும். சாக்கடையைத் திறந்துவிடுகிறவனை விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டீர்கள். நாற்பது லட்சம் வாளிக்குப் பதில் வரவில்லை.

மல்லிகா62: என்னிடம் ஒரு சின்ன பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார், கை உடைந்துவிட்டது. பித்தளைக்கு எத்தனை வாளி ஆகும்?

மொட்டைமாடி: அக்கா, பித்தளையை வாளியில் போடாதீர்கள், குளத்திலும் போடாதீர்கள். உலோகத்துக்கு உருக்குவதுதான் வழி. பாத்திரம் வார்க்கிறவரிடம் கொடுத்தால் அதே பித்தளை விளக்காகவோ மணியாகவோ திரும்பி வரும். நான் பேசுவது பிளாஸ்டர் மட்டும்.

மல்லிகா62: சரி தம்பி. ஆனால் உருக்கினால் பாவம் என்று சொல்கிறார்களே?

பழையபஞ்சாங்கம்: யதாஸ்தானம் சொல்லி விடை கொடுத்துவிட்டால் சாந்நித்தியம் அதில் இல்லை அம்மா. மிஞ்சுவது உலோகம். உருக்கலாம்.

மொட்டைமாடி: நல்லது ஐயா. விடை கொடுத்தபின் பித்தளை வெறும் உலோகம் என்றால், பிளாஸ்டர் வெறும் ஜிப்சம்தானே? அதை மட்டும் ஏன் ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

பழையபஞ்சாங்கம்: அது வேறு, இது வேறு.

அரைடிக்கெட்: எதுக்கு இவ்வளவு பேச்சு? தண்ணீரில் சமையல் சோடா போட்டால் பிளாஸ்டர் தானாகக் கரையும். புனேயில் அப்படித்தான் பண்ணுகிறார்கள். செய்தியில் வந்தது. நாற்பது வாளியும் வேண்டாம், நாலு வாளியும் வேண்டாம்.

மொட்டைமாடி: பாதி கேட்டுவிட்டுப் பரப்புவதற்கு இதுதான் உதாரணம். புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் சொன்னது அமோனியம் பைகார்பனேட். சமையல் சோடா வேறு, அது சோடியம் பைகார்பனேட். பெயரில் பாதி ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. சமையல் சோடா போட்டால் கடைசியில் வாளியில் சோடியம் உப்பு மிஞ்சும், செடி அதைத் தாங்காது.

அமோனியம் பைகார்பனேட் முறையில் பொம்மையின் எடைக்கு ஏறக்குறைய அதே எடை அந்த அமோனியம் உப்பு வேண்டும். ஒரு கிலோ பொம்மை, ஒரு கிலோ உப்பு, பத்து லிட்டர் தண்ணீர். முதலில் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. மாலை, கம்பி, கண்ணாடிக் கல் எல்லாம் தனியே. பிளாஸ்டிக் வாளியில், வெட்டவெளியில் வையுங்கள். நுரைக்கும், அமோனியா மூக்கைத் துளைக்கும், அதனால் இறுக்கி மூடக் கூடாது. அவ்வப்போது குச்சியால் கலக்கினால் இரண்டு மூன்று நாளில் பொம்மை இருந்த இடத்தில் வெண்சேறு இருக்கும். அது சுண்ணக்கட்டியின் மாவு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். மேலே நிற்கும் தெளிநீர் அமோனியம் சல்பேட், உரம்தான். சேறு இன்னும் கட்டியாக இருந்தால் உப்பு போதவில்லை அல்லது சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம்.

அரைடிக்கெட்: உரம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எங்கள் அம்மா போன வருஷம் இதே உப்பு வாங்கித்தான் கரைத்தார்கள், தண்ணீரை அப்படியே செம்பருத்திக்கு ஊற்றினார்கள். மூன்றே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உங்கள் விஞ்ஞானம் எங்கே போனது?

மொட்டைமாடி: அப்படியே ஊற்றினால் கருகத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு எழுபது கிராமுக்கு மேல் உரம் இருக்கிறது. ஒன்றரை கிராம் போதும். ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர் கலந்திருக்க வேண்டும்.

வாசல்கோலம்: அட! பத்து லிட்டருக்கு ஐம்பது பங்கு என்றால் ஐந்நூறு லிட்டர். ஐம்பது வாளி! என் வாளியை நாற்பது என்று கேலி செய்தவர் இப்போது ஐம்பது வாளிக்கு வந்து நிற்கிறார்.

மொட்டைமாடி: அம்மா, அதை ஒரே நாளில் ஊற்ற வேண்டியதில்லை. மூடிவைத்து, தினமும் ஒரு டம்ளர் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தோட்டத்துக்கு விடலாம். அது வேறு வாளி.

வாசல்கோலம்: எங்கள் வாளி கரைக்காது, உங்கள் வாளி வேறு வாளி. சரி சரி.

பழையபஞ்சாங்கம்: ஐம்பது வாளி! இதற்கு ஆறே தேவலாம்.

அரைடிக்கெட்: போன மாதம் உரக்குழி விஷயத்தில் இதே மாதிரி அடித்துப் பேசிவிட்டு, மறுநாள் பதிவையே அழித்தவர் இவர்தானே?

மொட்டைமாடி: அழித்தது நான் அல்ல, நிர்வாகி. அதில் நான் சொன்னதும் தவறில்லை. இங்கே பேச்சு பிளாஸ்டர்.

திரிவிளக்கு: பொம்மையை விடுங்கள், முதல் பதிவில் திரியும் பூவும் இருக்கிறதே. எரிந்த திரியை நான் ஒரு தகர டப்பாவில் சேர்த்து, வாரம் ஒரு முறை மண்சட்டியில் எரித்து, சாம்பலை மரத்தடியில் கால் படாத இடத்தில் போடுகிறேன். தண்ணீரில் போட்டால் எண்ணெய் மேலே ஏடு கட்டி நிற்கிறது. இப்போது கடையில் வரும் திரி சிலது பஞ்சே இல்லை. எரித்தால் பஞ்சு காகிதம் மாதிரி மணந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். கலப்படத் திரி உருகி, நுனியில் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும், நசுக்கினால் நசுங்காது.

மொட்டைமாடி: இந்தச் சோதனை நல்லது. பூ கட்டிய நூலுக்கும் இதைச் செய்யலாம். வாழை நார் எரியும், நைலான் நூல் உருகும். நைலானோடு பூவைக் குழியில் போட்டால் பூ மக்கிவிடும், நூல் மட்டும் வருஷக்கணக்கில் கிடக்கும். நம் வாசல்கோலம் அம்மா இதையெல்லாம் அதே வாளியில் போடச் சொன்னதை மறக்க வேண்டாம். பூவோடு நாலு நாள் ஊறினால் அந்த வாளிப் பக்கமே போக முடியாது.

வாசல்கோலம்: நான் ஒரே நேரத்தில் போடச் சொல்லவில்லை! ஒன்றன்பின் ஒன்றாக!

மல்லிகா62: மாமனார் காலத்து லட்சுமி படம் கிழிந்து கிடக்கிறது, கண்ணாடி போட்டது. அதற்கு?

திரிவிளக்கு: கண்ணாடி, சட்டம், ஆணி தனியாகக் கழற்றிவிடுங்கள் அக்கா, சட்டத்தை வேறு படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெறும் காகிதம் என்றால் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, பூச்செடித் தொட்டியில் மண்ணுக்கு அடியில் புதைத்துவிடலாம். முகம் கிழிவது மனதுக்குக் கஷ்டம் என்று நானும் அப்படித்தான் செய்தேன். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் மட்டும் ஊறாது.

மல்லிகா62: பளபளவென்றுதான் இருக்கிறது.

பழையபஞ்சாங்கம்: இதற்கும் ஒரு வாளிக் கணக்கு வரும், பொறுங்கள்.

மொட்டைமாடி: ஐயா, நக்கலுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பரணில் இருக்கும் பொம்மையின் அடிப்பாகத்தில், பெயிண்ட் இல்லாத இடத்தில், நாணயத்தால் கீறுங்கள். வெள்ளைப் பொடி வந்தால் பிளாஸ்டர். சாம்பலோ பழுப்போ வந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் விரலில் பிசுபிசுத்தால் களிமண், அப்படியானால் வாளியே போதும். வாசல்கோலம் அம்மா கரைத்தது களிமண்ணாக இருக்கலாம் என்று முதலிலேயே சந்தேகம்.

வாசல்கோலம்: களிமண் இல்லை, வெள்ளைதான், கடைக்காரரே சொன்னார். பாதி கரைந்து பாதி இன்னும் வாளியில்தான் இருக்கிறார்.

மொட்டைமாடி: பாதி? எடை போட்டீர்களா?

வாசல்கோலம்: சாமியை எடை போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.