யாழினி என்ற பெயரை ருஷ்ய எழுத்தில் எப்படி எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். ருஷ்யாவில் மருத்துவம் படிக்கவிருக்கும் என் மகள் யாழினியின் பாஸ்போர்ட்டை ருஷ்ய மொழியில் பெயர்த்தவர், அதிலுள்ள Yazhini என்பதைப் பார்த்து Яжини என்று எழுதியிருக்கிறார். ருஷ்ய ж நாக்கை மடித்தே ஒலிக்கப்படுகிறது என்றாலும், அதில் உரசல் இருப்பதால் நம் ழகரமாகக் கேட்பதில்லை. ‘தமிழ்’ என்பதற்கு அவர்களே тамильский என்று லகரத்துக்கான л போட்டிருப்பதால் Ялини பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் இகரமான и-க்கு முன்னால் வரும் л மென்மையாகி, ழகரத்திலிருந்து நம் லகரத்தைவிடவும் விலகிவிடுகிறது. Ялыни என்றால் அந்த மென்மை போய்விடும்.

நெடிலுக்கோ வழியே இல்லை: я என்பது யகரத்துக்கும் யாவுக்கும் பொது. Яалини என்றால் கூடுதல் அசையாகப் படிப்பார்கள். அவளுடைய அப்பா பெயரிலுள்ள ண்ண, Каннан என்பதில் வெறும் нн ஆகிவிட்டது. ணகரத்தைக் காட்ட н-க்குக் கீழே புள்ளியிடலாம் என்றாலும், படிவங்களில் அத்தகைய எழுத்துக்கு இடமில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

விசா, பதிவு, பட்டம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். ழகரத்துக்கு л கேட்டுப் பெற்றவர்கள் இருக்கிறீர்களா? பாஸ்போர்ட்டில் zh இருக்க, அதை மொழிபெயர்ப்புக்குச் சான்றளிப்பவர் ஏற்றாரா?