ஆறாயிரத்தை இரண்டு தடவை கழித்தார்கள்

வலங்கைமான் செல்வி:
அரசு உதவிபெறும் பள்ளியில் எழுத்தர் வேலை. போன தையில், பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட 15 லட்சம் கேட்டு கும்பகோணத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். "உங்களுக்கு நாலரை லட்சம்கூடத் தேறாதும்மா" என்றார்கள். கண் கலங்கிவிட்டது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை நான்.

மேலாளர் ஒரு துண்டுத் தாளில் கணக்கு போட்டுக் காட்டினார். கைக்கு வரும் சம்பளம் 42,000. அதில் பாதி, 21,000 வரைதான் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை போகலாமாம். எனக்கு ஏற்கெனவே சொசைட்டி லோன் 6,000, தனிநபர் கடன் 5,500, வண்டி 3,500, செல்போன் 2,000 என்று 17,000 போகிறது. மீதி 4,000. ஒன்பது சதவீத வட்டியில் இருபது வருடக் கடனுக்கு லட்சத்துக்குச் சுமார் 900 ரூபாய் தவணை, அதனால் 4.4 லட்சம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பட்டுக்கோட்டை ரவி:
சிபில் ஸ்கோர் எவ்வளவு சகோதரி? 750-க்கு மேல் இருந்தால் எந்த வங்கியும் கொடுக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

வலங்கைமான் செல்வி:
781 சார்.

தஞ்சாவூர் ராமமூர்த்தி:
ரவி தம்பி, நீங்கள் சொல்வது பாதி சரி. ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதைத்தான் ஸ்கோர் சொல்லும். இன்னொரு தவணையைத் தாங்க சம்பளத்தில் இடம் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. கடன் பிரிவில் இருபது வருடம் இருந்தவன் நான், அதை எஃப்.ஓ.ஐ.ஆர். என்போம். பாதி என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சம்பளம் குறைந்தால் நாற்பது சதவீதத்தில் நிறுத்துவார்கள், கூடினால் அறுபது வரைகூடப் போவார்கள்.

செல்விம்மா, சொசைட்டி தவணை சம்பளத்திலேயே பிடித்தமா? அப்படியென்றால் அந்த 42,000 என்பது 6,000 போன பிறகு வந்த தொகை. அதையே வருமானமாக வைத்துக்கொண்டு, கடன் பட்டியலிலும் 6,000-ஐ எழுதினால் இரண்டு தடவை கழித்ததாகிறது. சம்பளச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

வலங்கைமான் செல்வி:
ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மொத்தச் சம்பளம் 54,000, ஓய்வூதியப் பிடித்தமும் வரியும் 6,000, சொசைட்டி 6,000. மூன்று மாதச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டியதும் மேலாளர் மறுப்பு சொல்லாமல் வருமானத்தை 48,000 ஆக்கிவிட்டார். பாதி 24,000, கடன் போக மீதி 7,000. அதுவும் போதவில்லை.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
எங்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே, இதை எப்படிப் போடுவார்கள்? டிராக்டர் லோனுக்குப் போனேன். குறுவையைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கணக்கில் ஏறியிருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். சம்பா நெல்லை வியாபாரியிடம் களத்திலேயே ரொக்கத்துக்குக் கொடுத்திருந்தேன். அது வருமானமே இல்லையாம்.

தஞ்சாவூர் ராமமூர்த்தி:
அண்ணே, உங்களுக்கு மாதக் கணக்கு பொருந்தாது. அறுவடைக்கு அறுவடை வருமானம் பார்த்து, தவணையையும் அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ வைப்பார்கள். அடுத்த தடவை வியாபாரியிடம் கொடுத்தாலும் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

செல்விம்மா, அடுத்து எதை அடைக்கலாம் என்று பார்ப்போம். ஒவ்வொன்றிலும் பாக்கி எவ்வளவு?

வலங்கைமான் செல்வி:
தனிநபர் கடனில் 68,000 பாக்கி. வண்டிக்கு நாலு தவணை, போனுக்கு மூன்று. என்னிடம் சீட்டு எடுத்த பணம் 40,000 இருந்தது. தனிநபர் கடனில் கட்டிக் குறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தஞ்சாவூர் ராமமூர்த்தி:
நல்ல வேளை கட்டவில்லை. பாதியில் கட்டினால் பெரும்பாலும் கடன் முடியும் நாள்தான் முன்னால் வரும், மாதத் தவணை அதே 5,500-ஆகவே நிற்கும். கணக்கில் பார்ப்பது தவணையைத்தான், பாக்கியை அல்ல. வண்டிக்கு 14,000, போனுக்கு 6,000, ஆக 20,000-த்தில் இரண்டையும் முழுசாக முடித்தால் மாதம் 5,500 விடுபடும். தனிநபர் கடனில் அதே 5,500 விடுபட 68,000 வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடியும் கடனைச் சில வங்கிகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதையும் கேட்டுவிட்டு அடையுங்கள்.

வலங்கைமான் செல்வி:
கேட்டேன் ஐயா, அந்த வங்கி சேர்க்குமாம். இரண்டையும் அடைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் போய்ப் பார்த்தால் சிபிலில் இன்னும் இரண்டும் நடப்புக் கடனாகவே இருந்தன.

தஞ்சாவூர் ராமமூர்த்தி:
2025 ஜனவரியிலிருந்து, கடன் கொடுத்தவர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது சிபிலுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. ஒரு மாதம் பொறுங்கள். அதுவரை நிலுவையில்லாச் சான்றை வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

வலங்கைமான் செல்வி:
சான்றை வைத்துத்தான் கொடுத்தேன். மீதி 12,500 ஆனது, 13.5 லட்சம் கிடைத்தது. குறைந்த ஒன்றரை லட்சத்துக்காக மாடிப்படியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டியாயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆடியில் விதைநெல்லுக்காக வைத்த நகைக்கடனை இந்த வங்கி கணக்கிலேயே எடுக்கவில்லை. என் தங்கை போன வங்கியில் அதன் வட்டியை மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்தார்களாம். எது முறை?

தஞ்சாவூர் ராமமூர்த்தி:
இரண்டும் நடக்கிறதம்மா. வங்கிக்கு வங்கி மாறுகிறது. விண்ணப்பம் கொடுக்கும் முன் அந்தக் கிளையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.