களப்பணி தாமதம்: கட்டுரைக்கு அவகாசம் கேட்கும் கடிதத்தில் என்ன எழுதுவது?

கடலோரப் பெண்:
எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். காசிமேடு விசைப்படகுத் தொழிலாளர்களுக்குப் பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதுதான் கட்டுரை. மார்ச் தொடக்கத்தில் கேட்ட அனுமதிக் கடிதம் துறையிலிருந்து ஏப்ரல் 9 அன்றுதான் கைக்கு வந்தது, 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. பெண் மீன் வியாபாரிகளின் பேட்டிகளும் முன்னாய்வுப் பகுதியும் மட்டும் முடிந்திருக்கின்றன. மே 8 கடைசி நாள். “தடைக்காலம் காரணமாகக் களப்பணி செய்ய இயலவில்லை, ஜூன் இறுதிவரை அவகாசம் வேண்டும்” என்று மேடத்துக்கு எழுதினால் போதுமா?

செல்வா:
தாராளமாகப் போதும். 61 நாள் படகு கடலுக்குப் போகாது, துறைமுகமே காலியாக இருக்கும், இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? நீளமாக எழுதினால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும்.

பழைய விரிவுரையாளர்:
செல்வா, துறைமுகம் காலியாக இருக்காது. தடை விசைப்படகுகளுக்கு மட்டும்தான், பைபர் படகும் கட்டுமரமும் போய்க்கொண்டுதான் இருக்கும், ஏலமும் சிறிய அளவில் நடக்கும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் தடை ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது மேடத்துக்கும் தெரியும். “தலைப்பு எடுக்கும்போதே இது தெரியாதா?” என்று ஒரே கேள்வியில் கடிதம் விழுந்துவிடும்.

தங்கச்சி, உங்கள் உண்மையான காரணம் அனுமதிக் கடிதம் தாமதமானது. அதை முதலில் எழுதுங்கள், தடைக்காலம் அதன் விளைவாக வரட்டும். யார்மீதும் குறை சொல்ல வேண்டாம், விண்ணப்பித்த தேதி, கிடைத்த தேதி இரண்டும் போதும். அதற்குப் பிறகு எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள், நான் இத்தனை வருடம் வாங்கிய கடிதங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அதுதான்.

மதுரை வாசகர்:
எனக்கும் இப்படி ஆனது. மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேச நெறிமுறைக் குழு அனுமதி வர மாதக்கணக்கில் ஆனது. நான் உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன், ஒரு கேள்வியும் வரவில்லை. நீங்களும் அப்படியே செய்யலாமே.

பழைய விரிவுரையாளர்:
வேண்டவே வேண்டாம். கட்டுரையின் முறையியல் பகுதியில் எப்போது யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதியாக வேண்டும். படுத்திருந்ததாகச் சொன்ன வாரத்தில் பேட்டித் தேதி இருந்தால் கட்டுரையே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நிலா:
எனக்கு அவகாசமே தேவையில்லை என்று படுகிறது. தடைக்காலத்தில்தான் ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னுவார்கள், படகு பழுதுபார்ப்பார்கள். கடலுக்குப் போகும் நாட்களில் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் ஏது? இப்போதே பேட்டி எடுத்து 8-ஆம் தேதி கொடுத்துவிடலாம்.

கடலோரப் பெண்:
அக்கா, பேச ஆள் கிடைப்பது உண்மைதான், ஆனால் வெளியூர்த் தொழிலாளர்கள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். தவிர, பங்கு பிரிப்பதை நேரில் பார்க்க வேண்டும். ஏலப் பணம் வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே கணக்குதான் சொல்கிறார்கள். எந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள், முன்பணம் வாங்கியவனுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் பிரிக்கும் இடத்தில்தான் தெரியும்.

பழைய விரிவுரையாளர்:
இதைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். ஆனால் ஜூன் இறுதி கிடைக்காது என்றே நினைக்கிறேன், அதற்குள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அனுப்பியாக வேண்டும், அது மேடம் கையில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“மதிப்பிற்குரிய மேடம், காசிமேடு களப்பணிக்கான அனுமதிக் கடிதத்துக்கு மார்ச் தொடக்கத்தில் விண்ணப்பித்தேன், ஏப்ரல் 9 அன்று கிடைத்தது. 15-ஆம் தேதி விசைப்படகுகள் நின்றதால் பங்கு பிரிப்பதை நேரில் காண முடியவில்லை. பெண் மீன் வியாபாரிகளின் பேட்டிகள் முடிந்துவிட்டன, முன்னாய்வுப் பகுதியை இத்துடன் இணைத்துள்ளேன். கரையில் இருக்கும் தொழிலாளர்களிடம் சென்ற பருவத்துக் கணக்கைக் கேட்டுப் பதிந்து, மே 22-க்குள் கட்டுரையைத் தர அனுமதி வேண்டுகிறேன். நேரில் காணாத குறையைக் கட்டுரையிலேயே குறிப்பிடுவேன்.”

படகு உரிமையாளரின் கணக்கு நோட்டையும் தொழிலாளி நினைவில் வைத்திருக்கும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் தேடும் வித்தியாசம் ஓரளவு அதிலேயே தெரியும்.

செல்வா:
சார், தடை பற்றி நான் சொன்னது தப்பு, சரி. ஆனால் நோட்டை எந்த உரிமையாளர் மாணவியிடம் காட்டுவார்? ஜூன் 15-க்குப் பிறகு நேரில் பார்த்து எழுதுவதுதான் நல்ல கட்டுரை. கேட்பதையாவது ஜூன் இறுதி என்றே கேட்கட்டும், மறுத்தால் மே 22.

நிலா:
அப்படிக் கேட்டால் மேடம் மறுத்துவிட்டு மே 8-லேயே நின்றுவிட்டால்?

கடலோரப் பெண்:
சார் எழுதியதைக் கொஞ்சம் மாற்றி, முன்னாய்வுப் பகுதியோடு இன்றைக்கே அனுப்புகிறேன். மே 22 என்றுதான் கேட்கப் போகிறேன். நோட்டு விஷயத்தில் செல்வா அண்ணன் சொல்வதும் சரிதான், எனக்குத் தெரிந்த உரிமையாளர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.