காவேரிப்பட்டணம் ஞாயிறு யோகா: 'மருத்துவரைக் கேட்டு வரவும்' என்ற ஒரு வரி போதுமா?

ஆற்றங்கரைத் தெரு

எங்கள் தெருவில் வரும் ஞாயிறு முதல் யோகா வகுப்பு. வாட்ஸ்அப்பில் போட இந்த அறிவிப்பை எழுதியிருக்கிறோம்:

"ஞாயிறு காலை 6 முதல் 7 வரை இலவச யோகா. தொடக்க நிலை, யார் வேண்டுமானாலும் வரலாம். 12 சுற்று சூரிய நமஸ்காரம் உண்டு. வெறும் வயிற்றில் வரவும். பாய், தண்ணீர் கொண்டு வரவும். உடல்நலப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனை பெற்று வரவும்."

கடைசி வரி போதுமா, இல்லை எந்தெந்த நோய் என்று எழுத வேண்டுமா? எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை.

யோகா வாத்தியார், ஓசூர்

போதும் தம்பி. இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருமுறை நோய்களின் பெயரை வரிசையாக எழுதி நோட்டீஸ் ஒட்டினோம், அந்த மாதம் வந்தது பாதிப் பேர்தான். இதய நோய், பக்கவாதம் என்று படித்ததுமே வயதானவர்கள் பயந்து திரும்பிப் போய்விட்டார்கள், அவர்களுக்குத்தான் வகுப்பே தேவை. அப்புறம் கூலிக்குப் போகிறவர் டாக்டரைப் பார்க்க அரை நாள் வேலையை விட வேண்டும். யோகா மெதுவான பயிற்சி, முறையாகச் செய்தால் யாருக்கும் கெடுதல் வராது.

பிசியோ, தருமபுரி

வாத்தியார் ஐயா சொல்லும் பயம் உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் "உடல்நலப் பிரச்சினை உள்ளவர்கள்" என்று எழுதினால் அது தன்னைத்தான் சொல்கிறது என்று யார் நினைப்பார்கள்? பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை போடும் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், "எனக்கு ஒன்றும் இல்லையே, மாத்திரை போடுகிறேன், நல்லாத்தானே இருக்கேன்" என்பார். அந்த வரியை அவர் படிப்பார், தனக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார்.

கடைசி வரிக்கு முன்னால் இன்னொன்று இடிக்கிறது. தொடக்க நிலை என்கிறீர்கள், கூடவே 12 சுற்று சூரிய நமஸ்காரம் என்கிறீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிற முறையில் ஒரு சுற்றில் பாதஹஸ்தாசனம் இரண்டு முறை, பர்வதாசனம் இரண்டு முறை வருகிறது. நான்கு முறையும் தலை இதயத்துக்குக் கீழே போகிறது. பன்னிரண்டு சுற்றுக்கு 48 முறை. பழகியவருக்கு இது ஒன்றுமில்லை. கண்ணில் அழுத்த நோய் இருப்பவருக்கும், சுகரால் கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்தவருக்கும் தலை கீழே போவதுதான் ஆகாது. தலை இறங்கினால் கண்ணின் அழுத்தம் ஏறும், நிமிர்ந்த பிறகுதான் இறங்கும். இவர்கள் வகுப்புக்கே வரக்கூடாது என்று சொல்லவில்லை. கண் டாக்டரிடம் "தலையைக் கீழே கொண்டு போகலாமா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தால் போதும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே போய்க் கேட்பார்கள்?

மாங்கா மண்டி

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். போன வருடம் வேறொரு ஊரில் இப்படி ஒரு வகுப்புக்கு என் அப்பாவைக் கூட்டிப் போனேன். அதிலும் வெறும் வயிற்றில் வரவும் என்றுதான் இருந்தது. அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, காலை சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்து, நான் கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். குளிர்காலக் காலை, யாருக்கும் வியர்க்கவில்லை, அவருக்கு மட்டும். பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். அதனால் எனக்கு மருத்துவர் வரியைவிட அந்த வெறும் வயிறு வரிதான் பயம்.

யோகா வாத்தியார், ஓசூர்

வயிறு நிறைய இருந்தால் குனியவும் முடியாது, மூச்சுப் பயிற்சியும் செய்ய முடியாது, அந்த விதியை விட முடியாது. சரி, சுகர் இருக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

பிசியோ, தருமபுரி

எல்லோரும் என்று போட வேண்டாம் ஐயா. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்குச் சுகர் இப்படி இறங்குவது அரிது. இன்சுலின் போடுகிறவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுகிறவரும்தான் கவனமாக இருக்க வேண்டும். மண்டிக்காரர் அப்பா போட்டது அந்த வகையாக இருந்திருக்கலாம், சீட்டைப் பாருங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் மாத்திரைப் பெயரைப் போட்டால் யாருக்கும் புரியாது. "இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள், வகுப்பு நாளன்று காலை மருந்தை எப்போது எடுப்பது, முன்னால் என்ன சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வராதீர்கள்" என்று எழுதுங்கள். மற்றவர்களுக்குக் காலை டிபன் வேண்டாம் என்றால் போதும். கொண்டுவர வேண்டியதில் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் சேருங்கள். மூன்று டீஸ்பூன் இருந்தால் போதும். நாட்டுச் சர்க்கரையானாலும் சரி, பிஸ்கட் மட்டும் வேண்டாம், அது வேலை செய்ய நேரமாகும்.

பாலக்கோடு

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 52 வயது. இடுப்பும் கழுத்தும் இறுகிப்போய்த் திரும்பவே முடியவில்லை, பின்னால் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்கு யோகா செய்தால் சரியாகுமா? பாய் எந்தக் கடையில் வாங்கலாம்?

யோகா வாத்தியார், ஓசூர்

தாராளமாக வாருங்கள், மூன்று மாதம் விடாமல் செய்தால் வளைந்துவிடும். தசை இறுக்கம்தான்.

பிசியோ, தருமபுரி

ஐயா, இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். பாலக்கோடு அண்ணா, சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்? பல்லில் பழுப்புக் கறை உண்டா?

பாலக்கோடு

ஊர் போர்வெல் தண்ணீர்தான், ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரைக்கும். பல் கறை எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு உண்டு.

பிசியோ, தருமபுரி

இதைத்தான் கேட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. அதற்கு முன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதைக் குடித்தே வளர்ந்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். காலை யோகாவுக்கு வரப்போவதும் அதே வயதுக்காரர்கள்தான்.

எலும்பு வரைக்கும் ஃபுளோரோசிஸ் போனால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களே எலும்பாக மாறத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண இறுக்கம் மாதிரியே இருக்கும். தசை இறுக்கம் பழகப் பழகக் கொஞ்சமாவது விடும், இது எத்தனை மாதம் செய்தாலும் ஓர் இடத்தில் கட்டையாக நிற்கும். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் அது உறுதி இல்லை, உடையக்கூடியது. முற்றியவர்களுக்குத் தண்டுவடமே நெருக்கப்படும். அப்போது கால் மரத்துப்போகும், நடக்கையில் கால் இடறும். இப்படிப்பட்டவர் குனியும்போது ஆசிரியர் முதுகில் கை வைத்து அழுத்துவதுதான் ஆபத்து. வெளியூரிலிருந்து காப்பி எடுத்த எந்த அறிவிப்பிலும் இது இருக்காது, நம் ஊர் அறிவிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அண்ணா, உங்களுக்கு ஃபுளோரோசிஸ் என்று நான் சொல்லவில்லை, வேறு காரணமும் இருக்கலாம். எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டி எக்ஸ்ரே எடுத்துவிட்டு அப்புறம் வாருங்கள். கால் மரத்தல் இருந்தால் உடனே போங்கள். பாய் பற்றிக் கேட்டீர்களே, டைல்ஸ் தரையில் ஜமக்காளமும் கோரைப்பாயும் வழுக்கும், மண் தரையில் பரவாயில்லை. எங்கே வகுப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

யோகா வாத்தியார், ஓசூர்

அழுத்தும் பழக்கம் எனக்கும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், ஃபுளோரைடு கோணத்தில் யோசித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் டாக்டரைப் பார்த்துத்தான் வர வேண்டும் என்றால் மைதானம் காலியாகத்தான் இருக்கும். அதற்கு என்ன வழி?

சூளகிரி அக்கா

அதற்கு நான் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் பக்கம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. எங்கள் ஊரில் தன்னார்வலர் பெண் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். எழுதிவைத்த அந்த அளவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், பிரஷருக்காக மட்டும் தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். ஆனால் மாத்திரை வீட்டுக்கே வருவதால் டாக்டரை நேரில் பார்த்தே ஒரு வருடம் ஆனவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறக்கக் கூடாது.

பிசியோ, தருமபுரி

நல்ல யோசனை அக்கா. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகும் மேல் அளவு 180, இல்லை கீழ் அளவு 110 தாண்டியிருந்தால் அன்று யோகா வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர் வரலாம், கபாலபாதியும் மூச்சை அடக்குவதும் மட்டும் வேண்டாம்.

ஆற்றங்கரைத் தெரு

எல்லாவற்றையும் வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன்:

"ஞாயிறு காலை 6 முதல் 7 வரை இலவச யோகா. முதல் மாதம் சூரிய நமஸ்காரம் இல்லை. நின்றும் உட்கார்ந்தும் செய்யும் எளிய ஆசனங்கள். தரையில் உட்கார்ந்து பிறர் உதவியின்றி எழ முடிந்தால் போதும், முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. பாய் (சிமெண்ட் தரை, வழுக்காததாக), தண்ணீர், சர்க்கரைப் பொட்டலம் கொண்டு வாருங்கள். காலை டிபன் வேண்டாம். ஆனால் இன்சுலின், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மருந்தும் சாப்பாடும் எப்போது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், மருந்து போட்டு வெறும் வயிற்றில் வராதீர்கள். கண் அழுத்தம், கண்ணில் ரத்தக் கசிவு, கட்டுப்படாத பிரஷர், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், கழுத்தோ முதுகோ திருப்ப முடியாத இறுக்கம், கால் மரத்தல்: இவை இருந்தால் டாக்டரைக் கேட்டு வாருங்கள், வந்ததும் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்."

யோகா வாத்தியார், ஓசூர்

நீளம்தான். பட்டியலைக் கடைசியில் வைத்தது நல்லது, ஆனாலும் குடலிறக்கம், வலிப்பு எல்லாம் படித்தால் நம் பெண்கள் தயங்குவார்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன். நானாக இருந்தால் அந்த இரண்டையும் நேரில் கேட்பேன்.

மாங்கா மண்டி

நேரில் கேட்டால் நாற்பது பேர் நடுவில் யார் சொல்வார்கள் ஐயா? என் அப்பா சொல்லமாட்டார். அப்புறம் அவர் சீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், கிளிமிபிரைடு என்றுதான் இருக்கிறது.

ஆற்றங்கரைத் தெரு

சரி, பட்டியல் இருக்கட்டும். நேரில் கேட்பது எப்படி என்று சனிக்கிழமை முடிவு செய்கிறோம். பிரஷர் பார்க்கும் மிஷின் யாரிடமாவது இருந்தால் ஞாயிறு காலை 5.30-க்குக் கொண்டு வாருங்கள்.