கலைச்சொல் வேண்டும்: புது வரிசைகளை எடுத்துக்கொள்ளாத பிவட் விளக்கப்படம்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். கிராமப் பால் கூட்டுறவு சங்கங்களில் கணக்கு எழுதுபவர்களுக்காக எக்செல் கையேடு ஒன்று எழுதிவருகிறேன். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் 2016 பதிப்பு. ஒரு பாடத்தில் சரியான சொல் இல்லாததால் விளக்கமே குழம்பிப்போகிறது.

நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. `Milk` என்ற தாளில் தேதி, மையம், உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு என்று ஐந்து நெடுவரிசைகள். ஜனவரி, பிப்ரவரி பதிவுகள் 241-ஆவது வரிசையோடு முடிகின்றன. அதிலிருந்து மாதவாரியாக மொத்த லிட்டரைக் கூட்டும் பிவட் அட்டவணையும், அதை மையத்துக்கு ஒரு நிறமாக அடுக்கிக் காட்டும் பிவட் விளக்கப்படமும் போட்டாயிற்று. மார்ச் பதிவுகளை 242-இல் தொடங்கி 370 வரை உள்ளிடுகிறோம். படத்தில் அதே இரண்டு பட்டைகள்தான். மார்ச் வரவில்லை.

பிவட் அட்டவணைக்குள் ஒரு கட்டத்தைத் தொட்டு, Analyze பட்டையில் Change Data Source போய்ப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது:

```
Milk!$A$1:$E$241
```

தாளில் ஓடும் புள்ளிக்கோடும் 241-ஆவது வரிசையின் கீழே நின்றுவிடுகிறது. மார்ச் முழுக்க அந்தக் கோட்டுக்கு வெளியே.

இந்தக் கோட்டுக்குள் அடங்கும் பகுதிக்கு ஒரு பெயர் வேண்டும். 'வீச்சு' என்று எழுதியிருந்தேன். ஆனால் இதே கையேட்டில் அதிகபட்சக் கொழுப்புக்கும் குறைந்தபட்சக் கொழுப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் வீச்சு என்கிறேன். பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் எல்லோரும் படித்த பொருள் அதுதான். ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் சரிவராது. என்ன சொல்லலாம்?

இராமநாதன்:

அன்புள்ள மலர்விழி அவர்களுக்கு, இதற்குப் புதுச்சொல் எதற்கு? Refresh என்பதற்குப் 'புதுப்பி' என்று நல்ல சொல் இருக்கிறது. மூலத்தில் மாற்றம் செய்தபின் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். நானும் எங்கள் சங்க மலரின் சந்தாக் கணக்கை அப்படித்தான் பார்க்கிறேன். தொகையைத் திருத்துவேன், புதுப்பிப்பேன், படம் மாறிவிடும்.

முதலில் 'பிவட்' என்பதை விட்டொழிப்போம். 'சுழல் விளக்கப்படம்' என்று எழுதுங்கள்.

மலர்விழி:

ஐயா, நீங்கள் சொல்வது இருக்கும் வரிசைக்குள் ஒரு தொகையைத் திருத்தும்போது. அங்கே புதுப்பித்தால் மாறும், சரிதான். இங்கே Refresh, அப்புறம் Refresh All, இரண்டும் அழுத்தினாலும் மார்ச் வருவதில்லை. கணக்கு எழுதுபவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

தேவன், யாழ்ப்பாணம்:

வணக்கம். என்னுடைய அனுபவம் வேறு மாதிரி. வகுப்புப் புள்ளிகளுக்கு ஒரு வரைபு போட்டு வைத்திருக்கிறேன். புதுப் பிள்ளை சேர்ந்தால் வரைபைச் சொடுக்குவேன், தரவைச் சுற்றி நிற நிறமாகக் கட்டம் வரும், அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவேன். உடனே வந்துவிடும். நீங்களும் அப்படி இழுத்துப் பார்க்கலாமே?

இங்கே பாடப்புத்தகங்களில் வரைபு என்றுதான் புழங்குகிறோம். விளக்கப்படம் என்றால் பிள்ளைகள் வேறெதையோ நினைப்பார்கள்.

கவிதா:

தேவன் சார், நீங்கள் சொல்வது சாதாரண வரைபு. அது தாளிலுள்ள கட்டங்களை நேரடியாகப் படிப்பதால் மூலையைப் பிடித்து இழுக்க முடிகிறது. பிவட் விளக்கப்படத்தில் அந்த நிறக்கட்டம் வராது, ஏனென்றால் அது தாளைப் பார்ப்பதே இல்லை.

நடப்பது இதுதான். பிவட் அட்டவணையை உருவாக்கும்போது எக்செல் மூலத்தரவை ஒருமுறை படித்து, கோப்புக்குள்ளேயே தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. பிவட் அட்டவணை அந்த நகலிலிருந்து கூட்டுகிறது. விளக்கப்படம் அந்த அட்டவணையைப் பார்த்து வரைகிறது. Refresh அழுத்தினால் நகல் மறுபடி எடுக்கப்படும். ஆனால் எங்கிருந்து? அதே `$A$1:$E$241` முகவரியிலிருந்துதான். இராமநாதன் ஐயாவின் சந்தாக் கணக்கு மாறியதற்கும், மலர்விழியின் மார்ச் வராததற்கும் இதுதான் காரணம்.

ஆக, இரண்டு தனித்தனிச் சொற்கள் வேண்டும். எடுத்து வைத்ததற்கு ஒன்று, எடுக்கும் இடத்துக்கு ஒன்று. முதலாவதை 'பிவட் நகல்' என்றே சொல்லலாம். அலுவலகங்களில் நகல் என்றால் எல்லோருக்கும் தெரியும். மூலம் மாறினாலும் கையிலிருக்கும் நகல் தானாக மாறாது என்பதும் யாரும் சொல்லாமலே புரியும். இரண்டாவதற்கு எனக்குத் தோன்றுவது 'மூல எல்லை'.

இராமநாதன்:

விளக்கத்துக்கு நன்றி, கவிதா அவர்களே. நகல் எனக்குச் சம்மதம். ஆனால் எல்லை என்பது விளிம்பைக் குறிக்கும், உள்ளே இருக்கும் பகுதியைக் குறிக்காது. 'மூலப்பரப்பு' என்று வைப்போம். பரப்பை விரி, பரப்புக்கு வெளியே, பரப்புக்குள் என்றெல்லாம் இயல்பாகச் சொல்ல வரும்.

தேவன், யாழ்ப்பாணம்:

பரப்பு என்றால் எங்களுக்குக் காணி அளவு. 'நாலு பரப்புக் காணி' என்போம். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. அளந்து கல் நட்ட காணிக்கு வெளியே நாற்று நட்டால் காணி உறுதிப் பத்திரத்தில் அது ஏறாது. உங்கள் மார்ச் மாதமும் அப்படித்தானே?

முருகேசன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணக்காளர், தமிழ்ப் புலமை கிடையாது. இதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை என்று நினைக்கிறேன். மூலத்தைக் கொடுக்கும்போதே `Milk!$A:$E` என்று முழு நெடுவரிசைகளையும் கொடுத்துவிடுங்கள். எத்தனை வரிசை சேர்த்தாலும் உள்ளேதான் இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கவிதா:

முருகேசன் சார், அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கீழே உள்ள லட்சக்கணக்கான காலி வரிசைகளும் பரப்புக்குள் வந்துவிடுகின்றன. அதனால் படத்தின் அச்சில் `(blank)` என்று ஒரு தலைப்பு முளைக்கும். அதை வடிகட்டி மறைக்கிறோம். அந்த மறைப்பே பிறகு வேறொரு சிக்கலைக் கொண்டுவரும்.

இன்னொன்று. 2016-இல் லிட்டரை மதிப்புப் பகுதியில் போட்டதும், நெடுவரிசையில் காலிக் கட்டங்கள் இருப்பதால் எக்செல் Sum-க்குப் பதிலாக Count போட்டுவிடும். அப்போது பட்டையின் உயரம் எத்தனை லிட்டர் என்பதல்ல, எத்தனை பதிவுகள் என்பது. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பிவட் அட்டவணையின் தலைப்பில் Sum of என்று இருக்கிறதா, Count of என்று இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

நான் கையேட்டில் போடச் சொல்வது இந்த வழி. தரவுக்குள் ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+T` அழுத்துங்கள். தலைப்பு வரிசை இருக்கிறதா என்று கேட்கும், ஆம் என்று குறியிடுங்கள். தரவு ஓர் அட்டவணையாகிவிடும். Design பட்டையின் இடது ஓரத்தில் Table Name பெட்டியில் `PaalPathivu` என்று பெயர் கொடுங்கள். பிறகு பிவட் அட்டவணைக்குத் திரும்பி, Change Data Source-இல் முகவரியை அழித்துவிட்டு அந்தப் பெயரை எழுதுங்கள். 371-ஆவது வரிசையில் அடுத்த பதிவை எழுதியதுமே அட்டவணை தானாக ஒரு வரிசை நீளும். மூலப்பரப்பும் கூடவே நீளும்.

ஆனால் நகல் நகல்தான். பரப்பு நீண்டாலும் Refresh செய்தே ஆகவேண்டும். மறந்துபோவார்கள் என்றால் PivotTable Options-இல் Data பிரிவுக்குப் போய் Refresh data when opening the file என்பதைக் குறியிடச் சொல்லுங்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகிவிடும்.

மலர்விழி:

மிக்க நன்றி. செய்து பார்த்தேன், மார்ச் வந்துவிட்டது. பாடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "புதுப்பித்தால் நகல் மாறும், பரப்பு மாறாது. பரப்பு தானாக நீண்டாலும் நகல் மாறாது. புது வரிசை படத்தில் வர இரண்டும் வேண்டும்."

இரண்டு விஷயங்கள் மீதி இருக்கின்றன. மார்ச்சில் புதிதாக ஒரு சேகரிப்பு மையத்தைச் சேர்த்தேன். மார்ச் பட்டை வந்தபிறகும் அந்த மையத்தின் நிறம் மட்டும் அதில் இல்லை. மொத்தமும் குறைகிறது. பரப்பும் சரி, நகலும் புதிது.

இரண்டாவது, `Ctrl+T` கொடுப்பதும் அட்டவணை, பிவட்டும் அட்டவணை. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுகிறார்.

கவிதா:

மையத்தின் பெயர்களில் ஏதாவது ஒன்றின் குறியை எடுத்து வைத்திருக்கிறீர்களா? அப்படிக் கையால் வடிகட்டிய புலத்தில், பிறகு வரும் புதுப் பெயர்கள் குறியில்லாமலே நுழையும். வடிகட்டிப் பட்டியலைத் திறந்தால் புது மையம் அங்கே இருக்கும், பெட்டி காலியாக இருக்கும். அந்தப் புலத்தின் Field Settings-இல் Subtotals & Filters பிரிவில் Include new items in manual filter என்று ஒன்று உண்டு. அதைக் குறியிட்டால் இனி வருபவை தானாகத் தெரியும். ஏற்கனவே மறைந்துபோன மையத்துக்கு மட்டும் ஒருமுறை கையால் குறியிடுங்கள்.

முருகேசன் சாருக்குச் சொன்ன சிக்கல் இதுதான். `(blank)`-இன் குறியை எடுத்ததுமே அந்தப் புலம் கையால் வடிகட்டியதாகிவிடுகிறது.

இன்னொரு இடம். அட்டவணைக்குக் கீழே Total Row போட்டிருந்தால், அதற்கு அடியில் எழுதுவது அட்டவணையில் சேராது. கடைசிப் பதிவின் கடைசிக் கட்டத்தில் நின்று Tab அழுத்தினால்தான் புது வரிசை உள்ளே வரும். சங்கங்களில் அடியில் மொத்தம் போடாமல் விடமாட்டார்கள், எனவே இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மலர்விழி:

ஆமாம், மூடிய மையம் ஒன்றின் குறியை எடுத்து வைத்திருந்தேன். குறியிட்டதும் புது மையம் வந்துவிட்டது. Tab விஷயத்தையும் சேர்க்கிறேன்.

இராமநாதன்:

`Ctrl+T` அட்டவணையை 'வளர்பட்டியல்' என்று சொல்லுங்கள். தானாக நீளுவது பெயரிலேயே வந்துவிடும். பிவட் என்பதைச் சுழல் என்று மாற்றவும் மறுபடி கேட்டுக்கொள்கிறேன்.

முருகேசன்:

ஐயா, எங்கள் ஊரில் பட்டியல் என்றால் சம்பளப் பட்டியல், செலவுப் பட்டியல். வளர்பட்டியல் என்றால் பில் தொகை ஏறுகிறது என்று பயப்படுவார்கள். 'வளர் அட்டவணை' என்றே இருக்கட்டும்.

மலர்விழி:

முருகேசன் சார் சொல்வதுபோல 'வளர் அட்டவணை' என்று வைத்து, பிவட் வரும் இடங்களில் எல்லாம் 'பிவட் அட்டவணை' என்று முழுதாக எழுதுகிறேன். தனியாக 'அட்டவணை' என்று எங்கும் விடமாட்டேன். மூலப்பரப்பு, பிவட் நகல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சுழல் பற்றி எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது ஐயா, திரையில் அவர்கள் பார்ப்பது Pivot என்ற எழுத்து. வேறு யாருக்காவது கருத்து இருந்தால் எழுதுங்கள். கையால் வடிகட்டிய புலத்துக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.