முதல் சப்நெட் .0-வில் தொடங்குகிறதா, .32-லா?

தேர்வுக்காரி:
மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது: "192.168.10.0/24 வலையமைப்பை 6 பிரிவுகளுக்குச் சம அளவில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் 25 கணினிகள். முதல் சப்நெட்டிலும் கடைசி சப்நெட்டிலும் கணினிகளுக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகள் எவை?" விடைக்குறிப்பில் முதலாவது .33 முதல் .62 வரை, கடைசி .193 முதல் .222 வரை என்று இருக்கிறது. எனக்கு முதலாவது .1 முதல் .30 என்று வருகிறது. எது சரி?

பழையபாடம்:
விடைக்குறிப்பு சரி. 3 பிட் கடன் வாங்கினால் 8 சப்நெட், அதில் முதலாவதையும் கடைசியையும் கழித்தால் 6. கேள்வியிலும் 6 தான். .0-வில் தொடங்கும் சப்நெட்டைக் கணினிக்குக் கொடுப்பேன் என்று இங்கே சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அடிப்படை தெரியாமல் எழுதக்கூடாது.

கம்பிவடம்:
அந்த "சிலரில்" நானும் ஒருவன், எனவே பதில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்காரி, உங்கள் கணக்கு சரி. மாஸ்க் 255.255.255.224. 256-லிருந்து 224 போனால் 32, ஆக ஒவ்வொரு சப்நெட்டும் 32 தாண்டித் தாண்டித் தொடங்கும்.

```
192.168.10.0/27      .1   - .30
192.168.10.32/27     .33  - .62
192.168.10.64/27     .65  - .94
192.168.10.96/27     .97  - .126
192.168.10.128/27    .129 - .158
192.168.10.160/27    .161 - .190
192.168.10.192/27    .193 - .222
192.168.10.224/27    .225 - .254
```

எட்டு வரி இருக்கிறது, எட்டும் பயன்படும். ஒவ்வொன்றிலும் 32 முகவரிகளில் சப்நெட்டின் பெயருக்கு ஒன்று, பிராட்காஸ்டுக்கு ஒன்று போனால் 30 மிச்சம். 25 கணினியும் ரவுட்டர் முகவரி ஒன்றும் தாராளமாக அடங்கும்.

பழையபாடம்:
நீங்களே இரண்டைக் கழித்துத்தானே 30 என்கிறீர்கள்? ஹோஸ்டுக்கு எல்லாம் சுழியும் எல்லாம் ஒன்றும் ஆகாது, சப்நெட்டுக்கு மட்டும் ஆகுமாம். ஒரே விதியைப் பாதி பேருக்கு மட்டும் வைக்க முடியாது. ஆர்எஃப்சி 950, 1985. அதில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

கம்பிவடம்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். 950 ஏன் அப்படிச் சொன்னது என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்து ரவுட்டிங் செய்தியில் மாஸ்க் போகாது. ரிப்-இன் முதல் பதிப்பு அப்படித்தான். 192.168.10.0 என்று ஒரு முகவரி வந்தால் அது முழு வலையமைப்பா, அதன் முதல் சப்நெட்டா என்று பெறுகிற ரவுட்டருக்குத் தெரிய வழியில்லை. அதேபோல் .255 என்பது முழு வலையமைப்பின் பிராட்காஸ்டா, கடைசி சப்நெட்டினுடையதா என்பதும் தெரியாது. அந்தக் குழப்பத்துக்காகத்தான் இரண்டையும் ஒதுக்கிவைத்தார்கள்.

இப்போது மாஸ்க்கும் சேர்ந்தே போகிறது. 192.168.10.0/24 வேறு, 192.168.10.0/27 வேறு என்று ரவுட்டருக்குத் தெரியும். ஹோஸ்ட் விஷயம் அப்படி இல்லை. ஒரே சப்நெட்டுக்குள் .31 பிராட்காஸ்டாக இருக்கும்போது அதையே ஒரு கணினிக்கும் கொடுக்க முடியாது, மாஸ்க் தெரிந்தாலும் முடியாது. காரணங்கள் வேறு வேறு. அதனால்தான் ஒரு கழித்தல் போயிற்று, மற்றது நிற்கிறது.

விகிதன்:
ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு? 25 பேருக்கு /27, ரவுட்டர் இணைப்புகளுக்கு /30 என்று வெவ்வேறு அளவில் வெட்டினால் முகவரி மிச்சமாகுமே. பெரியதை முதலில் வைத்துச் சிறியதைப் பின்னால் வைக்க வேண்டும்.

கம்பிவடம்:
விகிதன், கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். சம அளவு என்று போட்டிருக்கிறது, ஆறு பிரிவிலும் அதே 25. ரவுட்டர்களுக்கு இடையிலான இணைப்பு கேள்வியிலேயே இல்லை.

விகிதன்:
இல்லாவிட்டாலும் நிஜத்தில் இருக்கும் அல்லவா?

பழையபாடம்:
விகிதன் வேறு பாதையில் போகட்டும். கம்பிவடம், நீங்கள் காரணத்தைச் சொல்லி விதியை அழிக்கிறீர்கள். 950 ஒரு தரநிலை. அதை எடுத்துவிட்டார்கள் என்பதற்கு எல்லாரும் காட்டுவது 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1878. அது வெறும் தகவலுக்காக வெளியிட்டது. தகவல் ஆவணம் தரநிலையைத் தள்ளிவைக்குமா? இதற்குப் பதில் சொல்லுங்கள். 8-இல் 2 கழித்தால் 6. கேள்வியில் 6. தற்செயலா?

கம்பிவடம்:
1878-ஐ நான் எடுக்கவே இல்லை, நீங்களே எடுத்து நீங்களே அடிக்கிறீர்கள். அதே 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1812-ஐப் பாருங்கள். ஐபி ரவுட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிற ஆவணம், தரநிலைப் பாதையில் வந்தது. சப்நெட் எண் எல்லாம் சுழியாகவோ எல்லாம் ஒன்றாகவோ இருக்கக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டுக்கு இனி அர்த்தமில்லை, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சிஸ்கோவின் ஐஓஎஸ் 12.0 முதல் `ip subnet-zero` தானாகவே இயங்குகிறது. அதை அணைத்து `no ip subnet-zero` என்று போட்டுவிட்டு .1-ஐ /27 மாஸ்க்கோடு இன்டர்ஃபேஸில் கொடுத்துப் பாருங்கள், Bad mask என்று திருப்பும். அணைக்காவிட்டால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

6 பற்றிக் கேட்டீர்கள். 5 முதல் 8 வரை எந்த எண்ணைக் கேட்டாலும் 3 பிட்தான் எடுக்க வேண்டும். இப்போது 7 பிரிவு, ஒவ்வொன்றிலும் 25 கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விதிப்படி 3 பிட்டில் 6 சப்நெட்தான், போதாது. 4 பிட் எடுத்தால் சப்நெட்டுக்கு 14 ஹோஸ்ட்தான், அதுவும் போதாது. ஒரு முழு /24 கையில் இருக்கிறது, 7 பிரிவுக்கும் சேர்த்து 175 கணினிகள்தான், ஆனால் பிரிக்க வழியில்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா?

பழையபாடம்:
கேள்வியில் 7 இல்லை. 6. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள்தான் கேள்வியை மாற்றுவார்கள்.

மூன்றாம்மாடி:
நான் தேர்வு எழுதுகிறவன் இல்லை, அலுவலகத்தில் கம்பி இழுக்கிறவன். பழையபாடம் சொல்வதுதான் அனுபவத்தில் சரி. எங்கள் இடத்தில் இதே மாதிரி /27 ஆகப் பிரித்து, முதல் பிரிவை .1 முதல் .30 வரை வைத்தோம். .20-இல் இருந்த கணினிக்கு இணையம் வந்தது, ஆனால் பக்கத்துப் பிரிவில் .40-இல் இருந்த பிரிண்டர் எட்டவில்லை. `ping` போட்டால் `Reply from 192.168.10.20: Destination host unreachable` என்று தன்னுடைய முகவரியிலிருந்தே பதில் வருகிறது. அந்தப் பிரிவை அப்படியே காலியாக இருந்த .193-க்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. சுழி சப்நெட் ஆகாது.

கம்பிவடம்:
அந்தக் கணினியில் மாஸ்க் என்ன இருந்தது? 255.255.255.0 என்று இருந்திருக்க வேண்டும். அப்போது .40 தன் பக்கத்திலேயே இருப்பதாக .20 நினைத்துக்கொள்ளும். ரவுட்டரிடம் கொடுக்காமல் "யார் .40?" என்று தன் கம்பியிலேயே கூவும். .40 அந்தக் கம்பியில் இல்லை, பதில் வராது. அதனால்தான் எட்டவில்லை என்ற செய்தியைச் சொந்தக் கணினியே சொல்கிறது. இணையம் வந்ததற்கும் அதுவே காரணம்: வெளி முகவரி என்றால் ரவுட்டரிடம்தான் போகும், ரவுட்டர் .1-இல் பக்கத்திலேயே இருக்கிறது. `ipconfig` போட்டு மாஸ்க் வரியைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி இயங்கியிருந்தால் .40-க்காக அதுவே பதில் சொல்லியிருக்கும், பிழை இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

.193-க்கு மாற்றும்போது மாஸ்க்கையும் புதிதாக அடித்திருப்பீர்கள். சரியானது அதனால்தான்.

மூன்றாம்மாடி:
மாஸ்க்கை யார் பார்த்தார்கள்? மாற்றினோம், வேலை செய்தது. இன்றுவரை .0 பக்கம் போவதில்லை.

பழையபாடம்:
பாருங்கள், களத்தில் இருப்பவரே சொல்லிவிட்டார். இனி என்ன வேண்டும்? 8-இல் 2 போனால் 6.

கம்பிவடம்:
அவர் சொன்னது தவறான மாஸ்க்கின் கதை. சப்நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு எங்கே பார்த்தாலும் இரண்டைக் கழிக்க வேண்டும். போன முறை /31 பற்றிப் பேசும்போதும் இதே கழித்தல்தான். ஹோஸ்ட் சுழியாகிவிடும், எங்குமே பயன்படாது என்றீர்கள். ஆர்எஃப்சி 3021 வந்தது 2000-இல். இரண்டு ரவுட்டர்களை நேருக்கு நேர் இணைக்கும் இடத்தில் இரண்டு முகவரிகளும் பயன்படும் என்று காட்டினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையபாடம்:
பழைய இழையை இங்கே இழுத்து வராதீர்கள். அன்றும் நீங்கள் ஒரு ஆவணத்தைத் தூக்கி வந்தீர்கள், இன்றும் தூக்கி வருகிறீர்கள். மதிப்பெண் போடுகிறவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு. அதில் .33 என்றிருந்தால் .1 எழுதிய பிள்ளைக்குச் சுழிதான். உங்கள் 1812 வந்து மதிப்பெண் வாங்கிக் கொடுக்குமா?

கம்பிவடம்:
தவறான விடைக்குறிப்பு இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கேள்வியில் ரிப் முதல் பதிப்பு என்றோ `no ip subnet-zero` என்றோ ஒரு வார்த்தை இருந்தால் .33 என்று நானே சொல்வேன். அப்படி எதுவும் இல்லை. /24 என்று சாய்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். மாஸ்க்கைக் கூடவே எழுதும் முறை அது. அந்த முறையில் எழுதிவிட்டு, மாஸ்க் போகாத காலத்து விடையைக் கேட்பது நியாயமில்லை.

தேர்வுக்காரி:
சரி, முதல் சப்நெட் .1 முதல் .30 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடைசி எது? 6 பிரிவுதான் கேட்டிருக்கிறார்கள். ஆறாவது என்றால் .161 முதல் .190. எட்டையும் எண்ணினால் .225 முதல் .254. இதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே?

கம்பிவடம்:
பிரிவுகளுக்குக் கொடுத்ததில் கடைசி என்றால் ஆறாவது. வெட்டியதில் கடைசி என்றால் எட்டாவது. கேள்வி அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. "6 பிரிவுகளுக்கு" என்று இருப்பதால் நான் .161 முதல் .190 என்று எழுதி, .192-உம் .224-உம் மிச்சம் என்று ஒரு வரி சேர்ப்பேன்.

விகிதன்:
கடைசி என்றால் எட்டாவதுதான். வெட்டிய பிறகு எண்ணாமல் இருக்க முடியுமா?

பழையபாடம்:
இப்போது பாருங்கள் வேடிக்கையை. அவர்கள் வழியில் போனால் கடைசி எது என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. என் வழியில் 6 வெட்டினால் 6 கிடைக்கும். முதலாவது .33, கடைசி .193, எந்தச் சந்தேகமும் இல்லை.

கம்பிவடம்:
சந்தேகம் இல்லாமல் தவறாக இருப்பதில் என்ன பெருமை? 7 பிரிவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பழையபாடம்:
கேள்வியில் 6.